ஒரு சுவருக்கு இரண்டு முறை கல் பதித்த கதை

3.6 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வெளிச்சுவருக்குக் கல் முகம் கொடுக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, ஐந்து வரி ஏறிய பிறகு முழுவதும் பெயர்க்கப்பட்டு, மீண்டும் வேறு வழியில் கட்டப்பட்டு, சென்ற வாரம் முடிந்தது. முதல் முறை என்ன தவறு நடந்தது என்பதும், இரண்டாம் முறை அது எப்படிச் சரியானது என்பதும் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் வாங்கியவை ஆயத்தப் பேனல்கள். மெல்லிய கல் துண்டுகளைப் பின்பக்கம் ஒன்றாக ஒட்டி, 600 மி.மீ. நீளமும் 150 மி.மீ. உயரமுமாக, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி இரு முனையிலும் படி வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு பேனலும் வேறு மாதிரிதான் தெரிந்தது. வரிக்கு ஆறு பேனல், அடுத்த வரியில் அரைப் பேனல் தள்ளித் தொடக்கம் என்று ஐந்து வரி, அதாவது முப்பது பேனல், ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். இவ்வளவு விரைவாக நடக்கும் கல் வேலை எப்படியிருக்கும் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாலையில் வெயில் சுவரைப் பக்கவாட்டில் தொட்டபோது கற்கள் மறைந்து படிக்கட்டுகள் தெரிந்தன. பேனலும் பேனலும் கோத்துக்கொள்ளும் அந்தப் படிவெட்டின் நிழல், ஒரே அளவில், ஒரே சாய்வில், சுவர் முழுதும் குறுக்காக ஏறிக்கொண்டிருந்தது. கண்ணின் பிரமையா என்று தெரிந்துகொள்ள ஒரு மீட்டர் சதுரமுள்ள கண்ணாடித்தாள் ஒன்றைச் சுவர்மேல் பிடித்து, கற்களை விட்டுவிட்டு இடைக்கோடுகளை மட்டும் கறுப்பு மார்க்கரால் படியெடுத்தேன். தாளை 600 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் படிவெட்டுக் கோடுகள் எல்லாம் சுவரில் உள்ள கோடுகளின் மேல் அப்படியே உட்கார்ந்தன. 300 மி.மீ. வலப்பக்கமும் 150 மி.மீ. மேல்பக்கமும் நகர்த்தினாலும் உட்கார்ந்தன. சில பேனல்களைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கற்களின் வரிசை மாறியது, முனைப்படி மாறவில்லை. கண் பார்ப்பது கல்லை அல்ல, கல்லுக்கு இடையிலுள்ள கோட்டை என்பதை அந்தத் தாள்தான் எனக்குக் காட்டியது. கல்லின் நிறத்தையும் முகத்தையும் எவ்வளவு மாற்றினாலும் கோடு திரும்பத் திரும்ப வந்தால் சுவர் அச்சடித்த தாளாகவே தோன்றும்.

பெயர்த்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பசைக்கலவை நன்றாகவே பிடித்திருந்ததால், பேனலோடு சேர்ந்து பூச்சும் ஏழெட்டு இடங்களில் கழன்று வந்தது. சுவரைச் சுத்தியல் பிடியால் தட்டி, வெற்றொலி கேட்ட இடங்களையெல்லாம் செங்கல் வரை வெட்டி மறுபூச்சுப் பூசி, அது காயும் வரை கற்களைத் தேடினேன்.

இரண்டாம் முறைக்குத் தனித்தனிக் கற்கள்தான் என்று முடிவு செய்தேன். முகம் உளியால் உடைத்ததாகவும், முதுகும் மேல் கீழ் விளிம்புகளும் அறுத்ததாகவும் உள்ள மணற்கல். சராசரி கனம் 25 மி.மீ. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிலோ வருமென்று கணக்கிட்டதால், சுவரின் அடியில் 50 மி.மீ. அகலத்துக்குக் கான்கிரீட் திட்டு ஒன்று ஓட்டி, முதல் வரி அதன்மேல் உட்காரும்படி செய்தேன். கல்லின் உயரம் மூன்று வகை: 50, 100, 150 மி.மீ. நீளம் 150 முதல் 450 வரை கலந்து வரும். இரண்டு சிறியது ஒரு நடுத்தரத்துக்குச் சமம், மூன்று சிறியது ஒரு பெரியதற்குச் சமம், ஆகவே எப்படி வைத்தாலும் மட்டம் சேரும் என்று மனக்கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில் சாந்துக்கு இடமில்லை. கற்கள் வந்து இறங்கி, தரையில் தார்ப்பாய் விரித்து முதல் பத்துக் கல்லைப் பரப்பியபோதுதான் இது உறைத்தது. இரண்டு 50 மி.மீ. கல்லுக்கு நடுவே 10 மி.மீ. மூட்டு வைத்தால் மொத்தம் 110. பக்கத்தில் நிற்கும் கல்லோ 100. ஒவ்வொரு முறையும் 10 மி.மீ. இடிக்கும், மூன்று அடுக்கினால் 20. மூட்டோடு கட்டும் கல்லுக்கு உயரங்கள் இரட்டிப்பு, மும்மடங்கு என்று போகக் கூடாது. சிறிய கல்லின் உயரத்தை இரட்டித்து ஒரு மூட்டையும், மும்மடங்காக்கி இரண்டு மூட்டையும் கூட்ட வேண்டும். 10 மி.மீ. மூட்டுக்குச் சிறிய கல் 50 என்றால் மற்றவை 110, 170 என்று இருந்திருக்க வேண்டும்.

கல்லைத் திருப்பி அனுப்ப முடியாது. கையில் இருந்ததை வைத்து மறுகணக்குப் போட்டேன். சிறிய கற்களை 45 ஆக்கினால், 45 மூட்டு 45 என்று சரியாக 100 வரும். நடுத்தரக் கல் பொருந்திவிடும். பெரிய கல்லுக்கு 155 தேவை, இருப்பதோ 150; மீதி 5 மி.மீ.யை அந்தக் கல்லின் மேல் மூட்டிலும் கீழ் மூட்டிலும் பங்கிட்டுவிடலாம். ஏறக்குறைய 135 சிறிய கற்கள். தண்ணீர் விட்டு அறுக்கும் மேசை இயந்திரத்தில் ஒவ்வொன்றின் ஒரு நீள விளிம்பிலும் 5 மி.மீ. வீதம் சீவி எடுக்க ஒன்றரை நாளும் ஒரு வைரத்தட்டும் போயின. வேலை முடிந்த பிறகு பார்க்கும்போது, இந்தத் தவறு எனக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறது. பெரிய கற்களைச் சுற்றிக் கிடையாக ஓடும் படுக்கை மூட்டுகள் 12, 13 மி.மீ. என்றும் மற்றவை 8 முதல் 10 என்றும் ஆகிவிட்டதால், சுவரில் எங்கும் ஒரே தடிமனில் ஓடும் கோடு இல்லை. முதலிலேயே துல்லியமாக வந்திருந்தால் எல்லா மூட்டையும் 10க்கே இழுத்திருப்பேன்.

அடுத்து அடுக்கும் ஒழுங்கு. ஒழுங்கற்ற வரிகள்தானே, கைக்கு வந்த கல்லை வைத்தால் போதும் என்று நினைத்தேன். தார்ப்பாயில் 3.6 மீட்டர் நீளத்துக்கும் 1.2 மீட்டர் உயரத்துக்கும் அப்படியே பரப்பிவிட்டு, ஏணி மேலேறிப் படம் எடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நாம் வைத்த கல் நமக்குப் பழகிவிடும், திருப்பிய படம் பழகாது. ஒரு பெரிய கல், அதன் வலப்பக்கம் சிறியதும் நடுத்தரமுமாக ஒன்றன்மேல் ஒன்று, மறுபடி ஒரு பெரிய கல். இதே சேர்க்கை ஒன்பது இடங்களில் இருந்தது. என் கை தன்னையறியாமல் ஒரு பேனலைக் கண்டுபிடித்து, அதையே அச்சடித்துக்கொண்டிருந்தது.

எனவே கைக்குச் சில தடைகள் போட்டேன். நான்கு கல்லின் மூலைகள் ஓரிடத்தில் கூடிக் கூட்டல் குறி உண்டாகக் கூடாது. செங்குத்து மூட்டு எதுவும் ஒரு பெரிய கல்லின் உயரத்தைத் தாண்டி நேராக மேலே ஏறக் கூடாது. ஏறும் இடத்தில் மேலே வரும் கல் அதை 75 மி.மீ.யாவது கடந்து மூட வேண்டும். படுக்கை மூட்டு நான்கு கல்லுக்கு மேல் நேராக ஓடக் கூடாது. அதற்குள் ஒரு பெரிய கல் குறுக்கே நின்று கோட்டை உடைக்க வேண்டும். ஒரே உயரமுள்ள கற்கள் மூன்று அடுத்தடுத்து வரக் கூடாது. இந்த நான்கையும் ஒரு மட்டையில் எழுதிக் கண்ணெதிரே மாட்டிவிட்டு, பெரிய கற்களை முதலில் சிதறலாக வைத்து, பிறகு நடுத்தரத்தையும் கடைசியில் சிறியதையும் இடுக்குகளில் நிரப்பினேன். இப்படி வைத்தால் சேர்க்கைகள் தாமாகவே வெவ்வேறாகிவிடுகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு இடுக்கும் முன்னால் வைத்த கற்கள் விட்ட மிச்சம். அது இரு முறை ஒரே மாதிரி வருவது அரிது. கல்லையும் ஒரே குவியலிலிருந்து எடுக்காமல், வந்த மூன்று கட்டுகளையும் பிரித்துவைத்து மாறி மாறி எடுத்தேன். ஒரு கட்டில் மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருந்தது.

பதிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுவரை நனைத்து, மேல் ஈரம் வற்றியதும் 10 மி.மீ. பல்லுள்ள கரணையால் பசைக்கலவையைச் சீவிப் பூசி, கல்லின் முதுகிலும் மெல்லிதாக ஒரு கை தடவி அழுத்தினேன். முதல் கல்லைப் பதித்த உடனே பெயர்த்துப் பார்த்ததில் முதுகில் பாதிக்குச் சற்று மேல்தான் பசை பிடித்திருந்தது. கல்முதுகிலும் தடவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 20 கிலோ பை நான்கு செலவாயின. மூட்டுக்கு மரச்சில்லுகள் வைத்தேன், பிளாஸ்டிக் இடைவெளித் துண்டுகள் வைக்கவில்லை. 8 முதல் 13 வரை வேண்டியதற்கு அவை ஒத்துவரா.

முதல் நாள் மாலை ஒரு பிழை நடந்தது. மட்டம் தவறாமலிருக்கச் சுவரில் 330 மி.மீ.க்கு ஒரு கோடு வீதம் சுண்ணநூல் அடித்திருந்தேன். அன்றைய வேலையை அந்தக் கோட்டில் அழகாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ரசமட்டம் பிடித்தாற்போல 3.6 மீட்டர் நீளத்துக்கு ஒரே படுக்கை மூட்டு. என் தடைகளில் மூன்றாவதை நானே மீறியிருந்தேன். மேல் வரியில் மூன்று சிறிய கல்லும் இரண்டு நடுத்தரமும் பெயர்த்து, அந்த இடங்களில் கோட்டுக்கு மேலே தலைநீட்டும் பெரிய கற்களை வைத்துச் சரிசெய்தேன். பசை முழுதாக இறுகவில்லை, கல் உடையாமல் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் வேலையைப் பல்பல்லாக, மேடும் பள்ளமுமாக நிறுத்தினேன். சுண்ணக்கோடு அளவு பார்ப்பதற்கு மட்டும். அதில் கற்கள் கும்பலாக வந்து நின்றுவிடக் கூடாது.

இடப்பக்கம் சுவர் 300 மி.மீ. மடங்குகிறது. அங்கே முன்முகக் கல்லின் பக்கவிளிம்பு வெளியே தெரியும்படி முட்டவைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை 25 மி.மீ. அகலத்தில் அறுத்த பட்டை ஒன்று தெரிந்து, இது ஒட்டிய தோல் என்று பறைசாற்றியது. முன்முகத்தில் எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் மூலை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கல்லை இரண்டாக அறுத்து, இரு துண்டின் விளிம்பையும் 45 பாகைக்குச் சரித்து, மூலையில் சேர்த்தேன். ஒரே கல் என்பதால் நிறமும் கல்லின் ரேகையும் மூலையைச் சுற்றித் தொடர்கின்றன. முன்பக்கம் நீளக்கை, மடிப்பில் குட்டைக்கை. அடுத்த கல்லில் மாற்றி. சரிவைக் கத்தி முனைபோல முடித்தால் தட்டும்போதே உதிர்கிறது. நுனியில் 2 மி.மீ. தட்டையாக விட்டுப் பிறகு உளியால் லேசாகக் கொத்திவிட்டேன். ஆறு கற்கள் பாழாயின.

இனி சாந்து. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். முதல் முயற்சியாக ஒரு மீட்டர் அகலத்துக்கு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு பொடிமணல் கலந்து நிரப்பி, 10 மி.மீ. வளைந்த இரும்புக் கம்பியால் குழிவாக இழுத்துவிட்டேன். கைக்கு மழமழவென்று இருந்தது. நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் சுவர்மேல் ஒரு வலை போர்த்தியிருந்தது. கம்பி ஓடியதால் எல்லாக் கோட்டுக்கும் ஒரே அகலம், ஒரே ஆழம், ஒரே நிழல். கல்லை விடக் கறுத்த சாம்பல் நிறம் வேறு. இத்தனை பாடுபட்டுக் கலைத்த வரிகளை அந்தக் கம்பி ஒரே மணி நேரத்தில் மறுபடி ஒழுங்காக்கிவிட்டது. இறுகுவதற்குள் மரக்குச்சியால் முழுவதையும் சுரண்டி எடுத்தேன்.

பிறகு ஒரு பலகையில் மிச்சக் கற்களை ஒட்டி நான்கு கலவைகளைச் சோதித்தேன். தேர்ந்தது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு சேர்ந்ததும் சாம்பல் நிறம் வெளுத்து மணலின் நிறம் மேலே வந்தது. மணல் 3 மி.மீ. சல்லடையில் விழுந்தது, நுண்தூள் அதிகமில்லாமல், சிறு குருணை தெரியும்படி. மணலின் நிறம்தான் காய்ந்த சாந்தின் நிறம் என்பதால், கல்லின் மஞ்சளுக்கு அருகில் வரும் மணலைத் தேர்ந்தேன். ஈரத்தில் எந்தக் கலவையும் கல்லை விட இருண்டுதான் தெரியும். ஒரு வாரம் காய்ந்த பலகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த ஒரு வாரம் எனக்குக் கடினமாக இருந்தது.

நிரப்புவதற்கு முனை வெட்டிய கூம்புப் பை. மூட்டின் அடியிலிருந்து பிதுக்கிக்கொண்டே வந்து, கல் விளிம்புக்குச் சற்று மேலே பொங்கும்படி விட்டேன். உடனே தொடவில்லை. பெருவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் சாந்து ஒட்டக் கூடாது. நிழலில் இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, வெயில் பட்ட பக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அந்த நிலையில் ஒரு மரச்சட்டத்தின் நுனியால் பொங்கியதை வழித்து, விறைப்பான உலர்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தேய்த்தேன். மேலிருந்த சிமெண்ட் தோல் உதிர்ந்து மணற்குருணை வெளிப்படுகிறது. உடைத்த முகமுள்ள கல்லின் விளிம்பு நேர்க்கோடு அல்ல. சில்லு பெயர்ந்த இடத்தில் சாந்து கல்லுக்குள் ஒரு விரல்நகம் அளவு ஏறுகிறது, துருத்திய இடத்தில் ஒடுங்குகிறது. ஆகவே 10 மி.மீ. மூட்டு ஓரிடத்தில் 6 ஆகவும் அடுத்த சாணில் 16 ஆகவும் தெரிகிறது. கம்பி இழுத்தபோது இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் அழிந்துபோயிருந்தது.

இங்கும் இரண்டு இடத்தில் தவறினேன். முதல் நாள் வலக்கோடியில் சீக்கிரமே தேய்த்ததால் சாந்து கல்முகத்தில் இழுபட்டது. ஈரப் பஞ்சால் துடைத்தேன், அது இன்னும் மோசம். சிமெண்ட் பால் கல்லின் துளைகளில் இறங்கி வெண்படலமாக நின்றுவிட்டது. பட்டதை அப்படியே காயவிட்டு உலர்ந்தபின் பிரஷ்ஷால் தட்டியிருந்தால் உதிர்ந்திருக்கும். மற்றொரு பகுதியில் சாப்பிடப் போய்த் திரும்பத் தாமதமாகிவிட, மரம் வழிக்காது என்று இரும்புக் கரணையால் சுரண்டினேன். இறுகிய சாந்தில் இரும்பு உரசினால் அந்த இடம் பளபளத்துக் கறுத்துவிடும். அரை மீட்டர் நீளத்துக்கு அந்தக் கறுப்பு இன்னும் தெரிகிறது.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 மீட்டர் மூட்டு, 10 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம் என்று வைத்து முழுச்சுவருக்கும் 25 லிட்டர் சாந்து போதும் என்று கணக்கிட்டேன். செலவானது 36 லிட்டர். பொங்கவிட்டு வழித்ததும், சில்லு பெயர்ந்த பள்ளங்களும், சுரண்டி எறிந்த ஒரு மீட்டரும் அதில் அடங்கும். கூடுதலாகத் தேவைப்பட்ட கலவையைத் தனியே கலந்தபோது தண்ணீர் ஒரு கை அதிகமாகி, மேல் மூலை சற்று வெளுத்திருக்கிறது. மூன்று நாள் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு மூடி வைத்தேன்.

முடிந்த சுவரின்மேல் பழைய கண்ணாடித்தாளைப் போல இன்னொன்றைப் படியெடுத்து நகர்த்திப் பார்த்தேன். ஒரு மீட்டர் சதுரக் கோடுகள் எங்கேயும் முழுதாகப் பொருந்தவில்லை. வலக்கோடியில், கடைசியாக மிஞ்சிய கற்களைத் தீர்த்துவிடும் அவசரத்தில் வைத்த இடத்தில் மட்டும், ஐந்து கல் கொண்ட ஒரு சேர்க்கை இரண்டு முறை வந்திருக்கிறது, 700 மி.மீ. இடைவெளியில்.

அடுத்த முறை கல்லுக்கு எழுதிக் கொடுக்கும்போது மூட்டைச் சேர்த்து உயரம் எழுதுவேன், ஆனால் பெரிய கல்லை வேண்டுமென்றே 5 மி.மீ. குறைத்தே கேட்பேன். நீளத்தில் இவ்வளவு நெருக்கமாக வாங்காமல், கடைசி அரை மீட்டரிலும் தேர்ந்தெடுக்க மிச்சம் இருக்கும்படி பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இறக்குவேன். மூலைக்குக் கனமான கல்லிலேயே இருபக்க முகத்தோடு வெட்டி வாங்கிவிடுவேன், 45 பாகைச் சரிவு அறுத்தது எனக்குப் போதும். சாந்துக்கான சிமெண்டையும் சுண்ணாம்பையும் மணலையும் முழுச்சுவருக்கும் 40 லிட்டர் உலர்கலவையாக ஒரே தடவையில் கலந்து, தண்ணீரை அளவுக் குவளையில் மட்டுமே ஊற்றுவேன். சோதனைப் பலகையைக் கல் வந்த அன்றே போட்டுவிடுவேன்.